1×1 கன்வல்யூஷன்: சேனல்களைக் கலக்கும் மலிவான லேயரும், அகலத்தைக் குறுக்கும் பாட்டில்நெக் பிளாக்கும்

கேள்வி: மணலிக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறேன் சார். பெட்டி கேட்டுக்குள் வரும்போது எடுக்கிற போட்டோவில் துரு, நசுங்கல், ஓட்டை எல்லாம் தெரிகிறதா என்று சொல்ல ஒரு மாடலைப் பழக்குகிறேன். ரெஸ்நெட்-50-இல் பார்த்தால் 1×1 கன்வல்யூஷன் நிறைய இருக்கிறது. ஒரே ஒரு புள்ளியைப் பார்க்கிற லேயர் என்னத்தைக் கற்றுக்கொள்ளும்? 256 சேனலை 64 ஆகச் சுருக்கினால் விஷயம் காணாமல் போகாதா? கணக்கு 17 மடங்கு குறையும் என்கிறார்கள், நான் மாற்றிப் பார்த்தால் ஓடும் நேரம் அந்த அளவுக்குக் குறையவே இல்லையே, ஏன்?

பதில்:

நீளம், அகலம் என்ற திசைகளில் மட்டும்தான் அது ஒரே புள்ளி. ரெஸ்நெட்-50-இன் முதல் கட்டத்தில் ஃபீச்சர் மேப்பின் அளவு 56×56. அதன் 3,136 இடங்கள் ஒவ்வொன்றிலும் 256 எண்கள் இருக்கின்றன. முந்தைய லேயர்கள் சுற்றுப்புறத்தைப் பார்த்து அந்த இடத்தைப் பற்றித் திரட்டிய 256 விடைகள் என்று அவற்றை எடுத்துக்கொள்ளலாம். 1×1 கன்வல்யூஷன் பக்கத்து இடங்களைத் தொடுவதில்லை. தன் இடத்தில் இருக்கும் அந்த 256 விடைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துப் புதிய விடைகளை உண்டாக்குகிறது. வெளியே 64 சேனல்கள் வேண்டுமென்றால் 256×64 வெயிட்கள் கொண்ட ஒரே ஓர் அட்டவணை போதும்; அதே அட்டவணைதான் 3,136 இடங்களிலும் பயன்படுகிறது. கணிதமாகச் சொன்னால் 3,136 வரிசைகள் கொண்ட மேட்ரிக்ஸை 256×64 மேட்ரிக்ஸால் பெருக்குவதுதான் முழு வேலையும்.

உங்கள் படங்களையே எடுத்துக்கொள்வோம். எண்ணூர் விரைவு சாலையில் நிற்கும் டிரெய்லர் வரிசையில் செம்பழுப்பு பெயின்ட் அடித்த பெட்டிகள் ஏராளம் என்பதால், நிறத்தை மட்டும் வைத்துத் துருவைச் சொல்ல முடியாது. ஒரு சேனல் செம்பழுப்பு நிறத்துக்கும், இன்னொரு சேனல் ஒழுங்கற்ற சொரசொரப்புக்கும் எதிர்வினை காட்டுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். (உண்மையான மாடலில் சேனல்கள் இப்படிப் பெயர் சொல்லி அழைக்கும்படி அமைவது அரிது, விளக்கத்துக்காக இப்படிக் கொள்கிறேன்.) 1×1 லேயரின் ஒரு வெளியீடு, நிறத்துக்கு 1.0, சொரசொரப்புக்கு 1.5 என்ற வெயிட்களையும் −1.2 என்ற பயாஸையும் கற்றுக்கொண்டிருக்கிறது. பெயின்ட் அடித்த நல்ல தகட்டில் நிறம் 0.9, சொரசொரப்பு 0.1; கூட்டினால் −0.15 வருகிறது, ரெலு அதைச் சுழியமாக்கிவிடுகிறது. சேறும் கிரீஸும் படிந்த நீலத் தகட்டில் நிறம் 0.1, சொரசொரப்பு 0.6, விடை −0.2, அதுவும் சுழியம். கதவின் கீழ்க்கீல் ஓரத்தில் துரு ஏறிய இடத்தில் நிறம் 0.8, சொரசொரப்பு 0.7, விடை 0.65, அது மட்டும் கடந்து செல்கிறது. முந்தைய லேயரில் எங்குமே இல்லாத 'துரு' என்ற விடை, பக்கத்துப் புள்ளி ஒன்றைக்கூடப் பார்க்காமல் உருவாகிவிட்டது. இந்த லேயர் கற்றுக்கொள்வது இத்தகைய சேர்க்கைகளையே. அந்தத் துரு அதே நெளிவில் எவ்வளவு தூரம் ஓடுகிறது, நடுவில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்பன அண்டை இடங்களைப் பார்த்தால் மட்டுமே தெரிபவை. அந்த வேலைக்கு 3×3 இருக்கிறது.

இந்தக் கருத்தை முதலில் தெளிவாக முன்வைத்தவர்கள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மின் லின், சியாங் சென், ஷுய்செங் யான் ஆகியோர். 2013-இல் வெளிவந்த 'நெட்வொர்க் இன் நெட்வொர்க்' கட்டுரையில், ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிறு நியூரல் நெட்வொர்க்கை ஓட்டினால் என்ன என்று அவர்கள் கேட்டார்கள்; அதைச் செயல்படுத்தும் வழி 1×1 கன்வல்யூஷனாக அமைந்தது. அவர்களுடைய நோக்கம் திறனைக் கூட்டுவது. மறு ஆண்டில் கூகுள்நெட் அதையே செலவைக் குறைக்கும் கருவியாகத் திருப்பிக்கொண்டது. அதன் முதல் இன்செப்ஷன் பிளாக்கில் 28×28 அளவும் 192 சேனல்களும் கொண்ட உள்ளீட்டின் மீது நேரடியாக 5×5 கன்வல்யூஷன் போட்டு 32 சேனல்களைப் பெற வேண்டுமானால் 1,53,600 வெயிட்கள் ஆகும். அதற்கு முன்னால் ஒரு 1×1 வைத்து 192-ஐ 16 ஆகக் குறுக்கினால், குறுக்குவதற்கு 3,072, பிறகு 5×5-க்கு 12,800, ஆக மொத்தம் 15,872-இல் வேலை முடிகிறது. ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு.

2015-இல் வந்த ரெஸ்நெட் இந்த அமைப்பைச் சீர்செய்து, குறுக்கு, பார், விரி என்ற மூன்று படிகள் கொண்ட பாட்டில்நெக் பிளாக்காக்கியது. அதன் குறியீடு இவ்வளவுதான்:

```python
class Bottleneck(nn.Module):
    def __init__(self, c=256, m=64):
        super().__init__()
        self.f = nn.Sequential(
            nn.Conv2d(c, m, 1, bias=False), nn.BatchNorm2d(m), nn.ReLU(),
            nn.Conv2d(m, m, 3, padding=1, bias=False), nn.BatchNorm2d(m), nn.ReLU(),
            nn.Conv2d(m, c, 1, bias=False), nn.BatchNorm2d(c))

    def forward(self, x):
        return torch.relu(x + self.f(x))
```

கன்வல்யூஷன் வெயிட்களை எண்ணினால் 16,384 + 36,864 + 16,384 = 69,632. பேட்ச்நார்மின் 768-ஐயும் சேர்த்து `sum(p.numel() for p in Bottleneck().parameters())` என்று கேட்டால் திரையில் 70400 வர வேண்டும். வேறு எண் வந்தால் எங்கோ `bias=False` விட்டுப்போயிருக்கிறது அல்லது அகலத்தைத் தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

இதே 256 சேனல் அகலத்தில் இரண்டு 3×3 லேயர்களை அடுக்கினால் 11,79,648 வெயிட்கள் ஆகும். அதை 69,632-ஆல் வகுத்தால் வருவதுதான் நீங்கள் கேள்விப்பட்ட 17 மடங்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் அது கொஞ்சம் விளம்பரக் கணக்கு என்றே சொல்வேன், ஏனென்றால் அந்த இடத்தில் ரெஸ்நெட் 256 அகலத்தில் 3×3-ஐ அடுக்குவதில்லை. பாட்டில்நெக் இல்லாத ரெஸ்நெட்-34-இன் அதே கட்டத்தில் 64 சேனல்கள் மட்டுமே இருக்கின்றன. அங்கே இரண்டு 3×3 லேயர்களுக்கு 73,728 வெயிட்கள். மூலக் கட்டுரை காட்டிய ஒப்பீடும் இதுதான்: ஏறக்குறைய ஒரே செலவில், பிளாக்குகளுக்கு இடையே ஓடும் பாதையை 64 சேனலிலிருந்து 256 சேனலாக அகலப்படுத்திக்கொள்ளலாம். மிச்சப்பட்டதை அகலத்துக்குச் செலவிட்டார்கள் என்று புரிந்துகொண்டால், பாட்டில்நெக்கிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது தெளிவாகிவிடும்.

ஏன் நான்கில் ஒரு பங்காகக் குறுக்க வேண்டும், எட்டில் ஒன்றாகக் குறுக்கினால் இன்னும் மிச்சம்தானே என்று தோன்றலாம். அகலம் C, குறுக்கிய அகலம் C/k என்றால் இரண்டு 1×1 லேயர்களின் செலவு 2C²/k, நடுவிலுள்ள 3×3-இன் செலவு 9C²/k². k = 2 எனில் இவை முறையே 1.0 C², 2.25 C², 3×3-தான் பெரும்பகுதியை விழுங்குகிறது. k = 4 எனில் 0.5 C², 0.5625 C², இரு பக்கமும் ஏறத்தாழச் சமம். k = 8 எனில் 0.25 C², 0.14 C². அதாவது நான்கைத் தாண்டியதும் செலவில் பெரும்பங்கு 1×1 லேயர்களிடம் போய்விடுகிறது. அதற்கு மேல் குறுக்கும்போது மிச்சப்படுவது மெதுவாகத்தான் கூடுகிறது, சுற்றுப்புறத்தைப் பார்க்கும் 3×3-இன் கையில் இருக்கும் சேனல்களோ பாதிப் பாதியாகக் குறைகின்றன. 3×3-க்குப் பதில் 5×5 போட்டால் 9 இருக்கும் இடத்தில் 25 வருவதால் அந்தச் சமநிலை 12-ஐ ஒட்டி நகரும். கூகுள்நெட் 192-ஐ 16 ஆக, அதாவது 12 மடங்கு, குறுக்கியும் வேலை நடந்ததற்கு இது ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

இனி, விஷயம் காணாமல் போகாதா என்ற அச்சம். போகும். 256 எண்களை 64 எண்களாக ஆக்கும் எந்த மேட்ரிக்ஸின் ரேங்க்கும் 64-ஐத் தாண்டாது. எஞ்சிய 192 திசைகளில் உள்ள எதுவும் அந்த வழியாகக் கடந்து வராது. ரெஸ்நெட் இதைத் தாங்குவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, மேலே உள்ள குறியீட்டில் `x + self.f(x)` என்ற கூட்டல். குறுகிய வழியில் போவது திருத்தம் மட்டுமே. மூல 256 சேனல்கள் ஷார்ட்கட் வழியாக முழுமையாக அடுத்த பக்கம் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. இந்த பிளாக்குக்குத் தேவைப்படாத 192 திசைகளை அடுத்த பிளாக்கின் 1×1 எடுத்துக்கொள்ளலாம். ஷார்ட்கட் இல்லாத ஒரு சாதாரண அடுக்கில் இதே குறுக்கலைச் செய்தால் தொலைந்தது தொலைந்ததுதான். இரண்டாவது காரணம், எந்த 64 திசைகளை வைத்துக்கொள்வது என்பதைப் பயிற்சியே தேர்ந்தெடுக்கிறது. ஏற்கெனவே பழகிய அகலமான மாடலை எடுத்து நடுவில் சுருக்கினால் துல்லியம் சரிவதும், முதலிலிருந்தே குறுகலாகப் பழகிய மாடல் நன்றாக இருப்பதும் இதனால்தான்.

உங்கள் படங்களுக்கு 64 போதுமா என்பதை ஓரளவு அளந்தே பார்க்கலாம். பிளாக்குக்குள் நுழையும் ஃபீச்சர் மேப்பைப் பிடித்து, அதன் 256 சேனல்களும் உண்மையில் எத்தனை திசைகளில் விரிந்திருக்கின்றன என்று கேட்க வேண்டும்:

```python
# x: (N, 256, H, W)
f = x.permute(0, 2, 3, 1).reshape(-1, 256)
f = f - f.mean(0)
s = torch.linalg.svdvals(f)
e = (s**2).cumsum(0) / (s**2).sum()
print((e < 0.95).sum().item() + 1)
```

வரும் எண், மாறுபாட்டில் 95 விழுக்காட்டைத் தாங்க எத்தனை திசைகள் வேண்டும் என்பதைச் சொல்கிறது. அது 64-ஐ விட வெகுவாகக் குறைந்திருந்தால் அந்த பிளாக்கைக் குறுக்கியதில் பெரிய இழப்பில்லை என்று கொள்ளலாம். இரு மடங்குக்கு மேல் போனால் அந்த பிளாக்கின் குறுக்கல் கடுமையானது. ஆனால் உங்கள் வேலையில் இந்த அளவீடு ஏமாற்றக்கூடிய ஓர் இடம் உண்டு. படத்தின் பெரும்பகுதி நல்ல தகடு, வானம், தரை. உள்ளே நின்று பார்த்தால் மட்டும் வெளிச்சம் தெரியும் ஊசி ஓட்டை மிகச் சில இடங்களில்தான் வருகிறது. அதைப் பற்றிய தகவல் மாறுபாட்டில் மிகச் சிறு பங்கு என்பதால், விட்டுவிட்ட அந்த 5 விழுக்காட்டுக்குள்ளேயே முழுவதும் ஒளிந்திருக்கக்கூடும். ஆகவே இதே கணக்கைச் சேதம் என்று குறியிட்ட பெட்டிக்கோடுகளுக்குள் விழும் இடங்களை மட்டும் எடுத்து மறுபடி செய்து, இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். சேதமான இடங்களில் மட்டும் எண் எகிறினால் அந்தக் கட்டத்தில் m-ஐ 64-இலிருந்து 96 ஆக உயர்த்திப் பார்ப்பது நியாயம்.

ரெலு எங்கே நிற்கிறது என்பதும் இதோடு சேர்ந்த செய்தி. ரெஸ்நெட்டில் குறுகிய பகுதியில் ரெலு இருக்கிறது. அது கழித்துக்கட்டும் எதிர்ம எண்களால் பெரிய நட்டமில்லை, அகலமான பாதை தனியே ஓடுகிறது. 2018-இல் வந்த மொபைல்நெட் வி2 இதைத் தலைகீழாக்கியது: ஷார்ட்கட் ஓடும் பாதை குறுகல், பிளாக்கின் நடுப்பகுதி ஆறு மடங்கு அகலம். அங்கே குறுகிய முனையில் ரெலு போட்டால், சுழியமாக்கப்பட்டதை மீட்க வேறு பாதையே கிடையாது. எனவே அந்தக் கடைசி 1×1-க்குப் பின் ரெலுவை எடுத்துவிட்டார்கள். இந்த இரண்டு குறியீடுகளையும் கலந்து எழுதுபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த ஒரு வரியில்தான். ரெலு எங்குமே இல்லாமல் 1×1 மீது 1×1 அடுக்குவது அதற்கு நேர் எதிரான பிழை. இரண்டு மேட்ரிக்ஸ்களின் பெருக்கல் இன்னொரு மேட்ரிக்ஸ்தான் என்பதால் அதனால் புதிதாக எதையும் சொல்ல இயலாது.

நேரம் ஏன் குறையவில்லை என்பதற்கு வருகிறேன். முதலில், அளந்தது சரிதானா என்று பார்த்துவிடுங்கள். ஜிபியுவில் ஓடும் வேலை பின்னணியில் நடப்பதால், கடிகாரத்தை நிறுத்துவதற்கு முன் `torch.cuda.synchronize()` அழைக்கப்படாவிட்டால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. அது சரியென்றால், காரணம் பெருக்கல்களில் இல்லை, நினைவகத்துக்கும் சிப்புக்கும் இடையே நகரும் எண்களில் இருக்கிறது.

56×56 அளவில் ஒரே படத்துக்குக் கணக்குப் போடுவோம். 256 அகலத்தில் இரண்டு 3×3 லேயர்களுக்குச் சுமார் 370 கோடி பெருக்கல்கள் தேவை; பாட்டில்நெக்குக்குச் சுமார் 22 கோடி போதும். இப்போது ஒவ்வொரு லேயரும் உள்ளீட்டைப் படித்து, வெயிட்களைப் படித்து, வெளியீட்டை எழுதுகிறது என்று கொண்டு எண்களை எண்ணுங்கள். ஒரு 3×3 லேயருக்கு 3,136 × (256 + 256) எண்களும் 5,89,824 வெயிட்களும் சேர்ந்து ஏறக்குறைய 22 லட்சம், இரண்டுக்கும் 43.9 லட்சம். பாட்டில்நெக்கில் 256-ஐ 64 ஆக்கும் 1×1-க்கு 3,136 × (256 + 64) எண்களும் 16,384 வெயிட்களும் சேர்ந்து 10.2 லட்சம், விரிக்கும் 1×1-க்கும் அதே 10.2 லட்சம், நடுவிலுள்ள 3×3-க்கு 4.4 லட்சம்; மொத்தம் 24.8 லட்சம். பெருக்கல் 17 மடங்கு குறைந்தபோது நகரும் எண்கள் இரண்டு மடங்குகூடக் குறையவில்லை. பேட்ச் பெரிதாகப் பெரிதாக, வெயிட்களை ஒருமுறை படித்துப் பல படங்களுக்குப் பயன்படுத்துவதால், இந்த இடைவெளி இன்னும் சுருங்கும். உங்கள் கடிகாரம் காட்டுவது இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவிலுள்ள ஏதோ ஓர் இடத்தை; கணக்கிடும் வேகம் நினைவக வேகத்தைவிட எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கு அது கீழ் எல்லையை நெருங்கும்.

இன்னொரு வகையில் சொன்னால், பாட்டில்நெக்கின் நடுவிலுள்ள 3×3 லேயர் நகர்த்தும் ஒவ்வோர் எண்ணுக்கும் சுமார் 264 பெருக்கல்களைச் செய்கிறது, 1×1 சுமார் 50 மட்டுமே செய்கிறது. பெருக்கல் மலிவாக இருப்பதால்தான் அதற்கு எண்களைக் கொண்டுவரும் செலவு துருத்திக்கொண்டு தெரிகிறது. இதைக் குறைக்க, பயிற்சி முடிந்தபின் பேட்ச்நார்மின் பெருக்கலையும் கூட்டலையும் கன்வல்யூஷன் வெயிட்களுக்குள்ளேயே மடித்துவிடுவது முதல் வேலை, ஏனெனில் தனியாக ஓடும் ஒவ்வொரு பேட்ச்நார்மும் முழு ஃபீச்சர் மேப்பையும் மறுபடி ஒருமுறை படித்து எழுதுகிறது. ஏற்றுமதிக் கருவிகள் பலவும் இதைத் தாமாகவே செய்துவிடும். அடுத்தது `channels_last` அடுக்கு முறை: ஓர் இடத்தின் 256 எண்களும் நினைவகத்தில் அடுத்தடுத்து அமைவதால் 1×1 அவற்றை ஒரே வீச்சில் எடுத்துக்கொள்ள முடிகிறது.

மொபைல்நெட் வகை மாடல்களில் இந்த நிலைமை முற்றிலும் புரண்டுவிடுகிறது. அங்கே 3×3 ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாகப் பார்ப்பதால் அதன் செலவு ஒன்றுமில்லாமல் போய், 2017-இன் மூலக் கட்டுரைப்படி மொத்தக் கணக்கீட்டில் சுமார் 95 விழுக்காடு 1×1 லேயர்களிடமே தங்குகிறது. மலிவு என்று எடுத்துக்கொண்ட பகுதியே முழுச் செலவாக மாறிவிடுகிறது. அங்கே அகலத்தைக் குறைத்தால்தான் ஏதாவது மிச்சம்.

நீங்கள் மாற்றிப் பார்த்ததில் துல்லியம் குறைந்திருந்தால் அதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம், பலர் இதைக் கவனிப்பதில்லை. இரண்டு 3×3 கொண்ட பிளாக் 5×5 பரப்பைப் பார்க்கிறது. பாட்டில்நெக்கில் 3×3 ஒன்றுதான் இருப்பதால் அது பார்ப்பது 3×3 பரப்பு மட்டுமே. ரெஸ்நெட்-34-இலும் ரெஸ்நெட்-50-இலும் பிளாக்குகளின் எண்ணிக்கை 16 தான். ஆனால் முன்னதில் 32 இடங்களில் 3×3 இருக்க, பின்னதில் 16 இடங்களில்தான் இருக்கிறது. எண்ணில் பெரிதாகத் தெரியும் ஆழத்தில் பெரும்பங்கு, சுற்றுப்புறத்தைப் பார்க்காத ஆழம். ஃபோர்க்லிஃப்ட் உரசி மூன்று நான்கு நெளிவுகளைத் தாண்டி ஓடும் கீறலை அடையாளம் காண்பதற்குப் பரந்த பார்வை வேண்டும். அதனால் உங்கள் சொந்த மாடலில் சாதாரண பிளாக்கை எடுத்துவிட்டு அதே எண்ணிக்கையில் பாட்டில்நெக் வைத்திருந்தால், பார்வைப் பரப்பைத் தெரியாமல் ஏறக்குறையப் பாதியாக்கிவிட்டீர்கள். மிச்சப்பட்ட கணக்கீட்டில் ஒரு பகுதியைக் கூடுதல் பிளாக்குகளுக்குத் திருப்பிவிடுவதே இதற்குச் சரியான பதில்.

கடைசியாக, சிறிய ஓட்டைகள் தவறிப்போகின்றன என்றால் `stride`-ஐப் பாருங்கள். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது 56×56 என்பது 28×28 ஆகிறது. மூல ரெஸ்நெட்டில் இந்த இரண்டடித் தாவலை முதல் 1×1-இல் வைத்திருந்தார்கள். 1×1 அண்டை இடத்தைத் தொடாது என்பதால், 3,136 இடங்களில் 784 மட்டுமே படிக்கப்பட்டு, மீதி 2,352 இடங்கள் திருத்தம் கணக்கிடும் வழியில் யாராலும் பார்க்கப்படாமலேயே போகின்றன. டார்ச்விஷன் இந்தத் தாவலை 3×3-க்கு மாற்றிவிட்டது. அங்கே சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் எல்லா இடங்களும் படிக்கப்படுகின்றன. உங்களிடம் உள்ளது எது என்பதை `model.layer2[0].conv1.stride`, `model.layer2[0].conv2.stride` என்று அச்சிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். முதலாவதில் (1, 1), இரண்டாவதில் (2, 2) வர வேண்டும்.

ஆனால் ஷார்ட்கட் வழியில் உள்ள `model.layer2[0].downsample[0]` டார்ச்விஷனிலும் தாவல் 2 கொண்ட 1×1 ஆகவே இருக்கிறது. அந்த வழியில் நான்கில் மூன்று பங்கு இன்னும் படிக்கப்படாமல்தான் போகிறது. 2018-இல் டோங் ஹே உள்ளிட்டோர் இதற்குச் சொன்ன திருத்தம், முன்னால் 2×2 சராசரி எடுத்துவிட்டுப் பிறகு தாவல் 1 கொண்ட 1×1-ஐப் போடுவது:

```python
c = model.layer2[0].downsample[0]
c.stride = (1, 1)
model.layer2[0].downsample = nn.Sequential(
    nn.AvgPool2d(2), c, model.layer2[0].downsample[1])
```

பழகிய வெயிட்களை முதலில் ஏற்றிவிட்டு, அதன் பிறகு இந்த மாற்றத்தைச் செய்யுங்கள்; லேயர்களின் பெயர் வரிசை மாறுவதால் பின்னால் ஏற்ற முயன்றால் பொருந்தாது. வெயிட்கள் ஒன்றும் மாறுவதில்லை, ஆனால் அந்த லேயருக்குள் வரும் எண்களின் தன்மை மாறிவிட்டது என்பதால் உங்கள் படங்களை வைத்துக் கொஞ்சம் மறுபயிற்சி கொடுக்காமல் முடிவைச் சோதிக்க வேண்டாம். `layer3`, `layer4` ஆகியவற்றிலும் இதே மாற்றம் தேவை. `layer1`-இன் `downsample`-இல் தாவல் ஏற்கெனவே 1 தான் என்பதால் அதைத் தொட வேண்டாம்.